விடி-எக்ஸை ஆன் செய்யப் போய் 48 இலக்கச் சாவியில் மாட்டிக்கொண்ட கதை

கயல்
விண்டோஸ் 11 ஏற்கெனவே போட்டு வந்த மடிக்கணினி. விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவைத் தொடங்கினால் ஒரே பிழை:

```
VT-x is disabled in the BIOS for all CPU modes (VERR_VMX_MSR_ALL_VMX_DISABLED)
```

டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் `Virtualization: Disabled`. சரி, பயாஸுக்குள் போய் ஆன் செய்தால் முடிந்தது என்று F2-வை அழுத்தி உள்ளே போனேன். ஒரு காணொளியில் பார்த்தபடி செக்யூர் பூட்டையும் அணைத்தேன். F10, சேமி, வெளியே வா.

வந்தது விண்டோஸ் இல்லை. நீலத் திரை. பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டது, 48 இலக்கம். அப்படியொரு பூட்டு என் வட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வேலை முழுக்க அதற்குள். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் இரண்டு சாவிகள். எது இந்தக் கணினிக்கு உரியது என்று திரையில் இருந்த `Key ID`-யின் முதல் எட்டு எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தட்டும்போது நான்காவது கட்டத்தில் ஒரு எண் மாறிப்போய், கை நடுங்கி, திரும்பவும் முதலிலிருந்து.

கடைசியில் உள்ளே போய்விட்டேன், உபுண்டுவும் ஓடுகிறது. ஆனால் விடி-எக்ஸை ஆன் செய்தாலே வட்டு பூட்டிக்கொள்ளுமா? மனது ஒப்பவில்லை. உங்களுக்கு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மதி_78
எனக்கும் இதேதான் அம்மா. பயாஸில் எதைத் தொட்டாலும் பிட்லாக்கர் சாவி கேட்கும். அதனால்தான் விண்டோஸ் போடும் முன்பே விடியை ஆன் செய்துவிட வேண்டும் என்பார்கள். போட்ட பிறகு மாற்றினால் விண்டோஸ் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. சாவி கிடைக்காததால் நான் வட்டையே அழித்து முதலிலிருந்து நிறுவினேன். அதன்பின் எல்லாம் ஓடியது.

பழையசர்வர்
மதி சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. விடி ஆன் ஆகியிருக்கிறதா என்பதை விண்டோஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் செயலியிடம்தான் தெரிந்துகொள்கிறது. நிறுவிய அன்றைய நிலையை அது நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. நிறுவி எத்தனை ஆண்டு கழித்து ஆன் செய்தாலும் ஓடும்.

என் கதையைக் கேளுங்கள். முன்பு ஓர் இடத்தில் ஒரே மாதிரி இருந்த 30 கணினிகளில் விடியை ஆன் செய்யும் வேலை. எல்லாவற்றிலும் பிட்லாக்கர் உண்டு. 29-இல் ஒன்றுகூடச் சாவி கேட்கவில்லை. ஒன்று மட்டும் நீலத் திரை. அருகில் நின்ற பையனிடம் "என்ன தொட்டாய்?" என்றேன். "ஒன்றுமில்லை சார், செக்யூர் பூட் மட்டும்…" என்று இழுத்தான்.

காரணம் இதுதான். பிட்லாக்கர் தன் சாவியை டிபிஎம் சில்லுக்குள், சில அளவீடுகளோடு கட்டி வைக்கிறது. பெரும்பாலான புதிய கணினிகளில் அந்த அளவீடுகள் 7, 11 என்ற இரண்டு பதிவேடுகள். 7-இல் செக்யூர் பூட்டின் நிலை பதிவாகிறது, விடி பதிவாவதில்லை. செக்யூர் பூட்டை அணைத்ததும் 7 மாறிப்போகும், சில்லு சாவியைத் தராது. உங்கள் கணினியில் எது என்று நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் பாருங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

`PCR Validation Profile` என்பதன் கீழே `7, 11` என்று வந்தால் மேலே சொன்னதுதான். அந்தப் பையனின் கணினியில் நாங்கள் சாவியைத் தேடவே இல்லை. பயாஸுக்குப் போய்ச் செக்யூர் பூட்டைப் பழையபடி ஆன் செய்தோம். கணக்கு பழையபடி ஒத்துப்போனது, சத்தமில்லாமல் விண்டோஸ் வந்துவிட்டது. கயல், நீங்களும் அதையே செய்திருந்தால் ஓர் எண்கூடத் தட்டியிருக்க வேண்டாம்.

(அந்த நான்காவது கட்டம்: ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு இலக்கம், அது 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதனால்தான் தவறு எந்தக் கட்டத்தில் என்று அதற்கு உடனே தெரிந்துவிடுகிறது.)

மதி_78
ஐயா, நான் செக்யூர் பூட்டைத் தொடவே இல்லை. விடியை மட்டும்தான் மாற்றினேன். அப்படியும் கேட்டது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழையசர்வர்
உள்ளே போனதும் "டீஃபால்ட்" எதையாவது அழுத்தினீர்களா? பல கணினிகளில் F9. அது பல அமைப்புகளை ஒரே அடியில் மாற்றிவிடும். இன்னொன்று, சில கணினிகளில் 7, 11-க்குப் பதிலாக 0, 2, 4, 11 இருக்கும். அங்கே வேறு மாற்றங்களுக்கும், முக்கியமாக பயாஸ் அப்டேட்டுக்கும், சாவி கேட்கலாம்.

மதி_78
F9 அழுத்தினேனா என்று இப்போது நினைவில்லை. வட்டை அழித்தாகிவிட்டது, இனி பார்க்கவும் முடியாது.

ஆமைக்காரன்
நான் கயலின் தலைப்பைப் பார்த்துத்தான் வந்தேன். எனக்கும் விடி பிரச்சினைதான். பயாஸில் ஆன், டாஸ்க் மேனேஜரிலும் `Enabled`. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸின் அடியில் பச்சை ஆமை ஒன்று உட்கார்ந்திருக்கிறது, மெய்நிகர் கணினி நகரவே மாட்டேன் என்கிறது. பயாஸுக்கு நான்கு முறை போய் வந்தேன், அணைத்து, திரும்ப ஆன் செய்து. ஆமை அசையவில்லை.

முனையம்
ஆமைக்காரரே, உங்கள் பிரச்சினை பயாஸில் இல்லை. விடியை ஹைப்பர்-வி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஓடுகிறது. ஹைப்பர்-வியை அணைத்தாலும் "மெமரி இன்டெக்ரிட்டி" ஆனில் இருந்தால் அது திரும்ப வந்துவிடும். `msinfo32`-இல் `Virtualization-based security` என்ற வரியைப் பாருங்கள், `Running` என்றால் அதுதான். ஆனால் அது பாதுகாப்புக்காக இருப்பது. ஆமைக்காக அதை அணைப்பதா என்று யோசித்துச் செய்யுங்கள்.

என் அனுபவம் லினக்ஸில். விடியை ஆன் செய்து, சேமித்து, ரீஸ்டார்ட் செய்தேன். `dmesg`-இல் அப்போதும்:

```
kvm: disabled by bios
```

மூன்று முறை பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன், ஆனில்தான் இருக்கிறது. என் கண்மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. `kvm-ok` கொடுத்த குறிப்பில்தான் விடை: முழுவதுமாக மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்கச் சொல்லியிருந்தது. செயலிக்குள் ஒரு பூட்டுப் பிட் இருக்கிறது. பயாஸ் அதை எழுதி ஒருமுறை பூட்டிவிட்டால், செயலி முழுதாக ரீசெட் ஆகும்வரை மாற்ற முடியாது. சில கணினிகளில் வெறும் ரீஸ்டார்ட் அதற்குப் போதவில்லை. வயரைப் பிடுங்கினேன், திரும்பச் செருகினேன், ஓடியது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பயாஸுக்குப் போகும் முன் பிட்லாக்கரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிடுங்கள்:

```
manage-bde -protectors -disable C:
```

எண் எதுவும் கொடுக்காவிட்டால் ஒரு ரீஸ்டார்ட்டுக்கு மட்டும் செல்லும், பிறகு தானே திரும்ப ஆன் ஆகிவிடும். வட்டில் உள்ள தரவு அப்போதும் குறியாக்கத்திலேயே இருக்கும், சாவி மட்டும் வெளியே கிடக்கும். அதனால் அந்த நேரத்தில் கணினியை யாரிடமும் கொடுக்காதீர்கள். சரியான விசையைத் தேடி அடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், `shutdown /r /fw /t 0` கொடுத்தால் நேராக பயாஸிலேயே போய் நிற்கும். ஏஎம்டி செயலியென்றால் விடி என்ற பெயரைத் தேடாதீர்கள், `SVM Mode` என்றிருக்கும். பக்கத்திலேயே விடி-டி என்று இருப்பது வேறு விஷயம், சாதாரண மெய்நிகர் கணினிக்கு அது தேவையில்லை.

கயல்
பழையசர்வர் ஐயா, கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். `7, 11`. அப்போ அந்தக் காணொளிதான் வினை. செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்துவிடுகிறேன். ஆனால் அதற்கும் சாவி கேட்குமா? இப்போது அணைந்திருக்கும் நிலையில்தானே ஓடிக்கொண்டிருக்கிறது?

பழையசர்வர்
கேட்கலாம். முனையம் கொடுத்த கட்டளையை முதலில் போட்டுவிட்டுப் போங்கள். சாவியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், அதே கணினிக்குள் வைக்காதீர்கள்.

ஆமைக்காரன்
மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிட்டேன். `msinfo32`-இல் இப்போதும் `Running`. ஆமையும் அங்கேயேதான் இருக்கிறது.