பேசிச் செய்த கலியாணத்துக்குச் ‘சந்தித்த கதை’ எப்படி எழுதுறது?

கொள்ளுப்பிட்டி_அண்ணா: தங்கச்சியின்ர கலியாண வெப்சைட்டில ‘சந்தித்த கதை’ எண்டு ஒரு பக்கம் வெறுமையா இருக்கு. பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம். பொம்பிளை வெள்ளவத்தை, மாப்பிள்ளை ரொறன்ரோ. என்ன எழுதுறது?

பாலு57: ராசி, நட்சத்திரம், படிப்பு, உயரம், குடும்ப விபரம். ஒரு பக்கத்துக்குக் காணும்.

நிரோ: பாலு அண்ணை, அது சம்பந்தம் தேடேக்குள்ள குடுக்கிறது. இது முற்றாக்கின கலியாணம். ‘நண்பர்கள் மூலம் அறிமுகம்’ எண்டு போட்டுவிடுங்கோ. மாப்பிள்ளையின்ர வேலையிடத்து ஆக்களுக்குப் பொருத்தம், புரோக்கர் ஒண்டும் விளங்காது.

தாழம்பூ: விளங்காததை விடுறது சரி. பொருத்தக் கணக்கு, முதல் வந்துபோன சம்பந்தங்கள், சீதனப் பேச்சு ஒண்டும் வேண்டாம். ஆனா அறிமுகத்தை மாத்தாதேங்கோ. ஸ்பொன்சர் செய்யிறதெண்டா கனடாவின்ர IMM 5532 படிவத்தில யார் அறிமுகப்படுத்தினது, முதல் நேரில கண்டது எப்ப, எங்க எண்டு கேப்பினம். அங்க பெரியம்மா, இங்க நண்பர்கள் எண்டு கிடந்தா தேவையில்லாத கேள்வி வரும். வீடியோவில கதைச்ச நாளையும் நேரில கண்ட நாளையும் கலக்கவும் வேண்டாம்.

கதையைச் சாதகம் மாறின நாளில தொடங்கினா அது பெரியாக்களின்ர கதை. இவை ரெண்டு பேரும் தனியக் கதைச்ச இடத்தில தொடங்குங்கோ. முதல் அழைப்பைப் பற்றி ரெண்டு பேரும் ஆளையாள் கேக்காமல் அஞ்சாறு வரி எழுதட்டும். ஒத்துவாற வரியை விட்டிட்டு, முரண்படுறதை எடுங்கோ. அதுதான் வாசிக்க நல்லாயிருக்கும். இப்பிடி:

‘பெரியம்மா நம்பர் குடுத்தா. ஆனி மாதம், கொழும்பில காலை 6.30, ரொறன்ரோவில முதல்நாள் இரவு 9. பத்து நிமிசம்தான் கதைச்சது எண்டு அவர் சொல்லுறார். தேத்தண்ணி ஆறி ஆடை படிஞ்சு போச்சுது எண்டு அவ சொல்லுறா. மார்கழியில காலிமுகத்திடலில நேரில கண்டம். ஓம் எண்டு சொல்ல அவ இன்னும் ஒரு கிழமை எடுத்தா.’

கடைசி வரியை வெட்டாதேங்கோ. யோசிச்சுச் சொல்ல அவவுக்கு இடம் இருந்தது எண்டு அதில தெரியும். வெளியாக்கள் கேக்காமல் கேக்கிறது அதைத்தான்.

நிரோ: படிவம் விசயம் சரி, விடுறன். ஆனா அந்த ஒரு கிழமையை மாப்பிள்ளையின்ர தாய் வாசிச்சா? ‘எங்கட பிள்ளைக்கு யோசிக்க வேண்டிக் கிடந்ததோ’ எண்டு வரும்.

தாழம்பூ: வரலாம். அதுக்குத்தான் போட முதல் ரெண்டு தாய்மாருக்கும் வாசிச்சுக் காட்டுறது. மாப்பிள்ளையின்ர தாய் மறுத்தா ‘ரெண்டு பேரும் ஒரு கிழமை எடுத்தம்’ எண்டு மாத்தலாம், அது உண்மையா இருந்தா மட்டும்.

பாலு57: நட்சத்திரமாவது போடலாமே?

தாழம்பூ: வேண்டாம் அண்ணை. பிறந்த திகதியும் போடக்கூடாது, இணையத்தில ஆரும் எடுப்பினம். பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டு, அதை அழைப்போட அனுப்புங்கோ.

கொள்ளுப்பிட்டி_அண்ணா: பெரியம்மா தன்ர பேர் வேண்டாமாம். நாளைக்கு ஏதும் எண்டா தன்னிலதான் விடியுமாம்.

நிரோ: அப்ப ‘சொந்தத்தில ஒராள்’.

தாழம்பூ: ‘அம்மாவின்ர அக்கா’ எண்டாவது போடுங்கோ. ‘ஒராள்’ எண்டா புரோக்கர் எண்டுதான் நினைப்பினம்.