ரிலீஸ் தேதி மாறின மெசேஜுக்கு பதினொரு தம்ஸ்-அப், ஒரு கேள்விகூட இல்ல

பில்டுராஜா:
இன்னும் உறுத்துது. 9-ஆம் தேதி, வெள்ளி சாயங்காலம் 5:40-க்கு குரூப்ல மேனேஜர் மெசேஜ்: "டீம், குட் நியூஸ்! கிளையண்ட் நம்மள நம்பி ரிலீஸை 28-லேர்ந்து 21-க்கு கொண்டு வந்துட்டாங்க. கலக்கிடுவோம்!" வரிசையா பதினொரு தம்ஸ்-அப். டெஸ்ட் பண்ண வேண்டிய பில்டு வர்றதே 19, பழசு எதுவும் உடையலையான்னு பாக்குற ரெக்ரெஷன் டெஸ்டிங்குக்கு அஞ்சு வேலை நாள் வேணும். எல்லாருக்கும் தெரியும். கொண்டாட்டத்துக்கு நடுவுல யார் கேப்பாங்க?

பழைய பிஎம்:
உற்சாகத்தை விடுங்க, எதைக் குறைக்கிறோம்னு அதுல இல்லவே இல்லையே. ஒரு வாரம் போச்சுன்னா வேலையோ டெஸ்டிங்கோ குறையணும், இல்ல ஆள் கூடணும். அதைச் சொல்லாம எவ்வளவு இனிமையா எழுதினாலும், படிக்கிறவனுக்கு "சனி, ஞாயிறு வா"ன்னுதான் கேக்கும். இப்படிப் போட்டிருக்கலாம்:

"ரிலீஸ் 28 புதனிலிருந்து 21 புதனுக்கு மாறுகிறது. கிளையண்ட் கேட்டார்கள், நான் ஒத்துக்கொண்டேன். ரிப்போர்ட் மாட்யூல் இதில் இல்லை. ரெக்ரெஷன் லாகின், பேமெண்டுக்கு மட்டும். வார இறுதி வேலை கிடையாது. உங்கள் பகுதி முடியாதென்றால் திங்கள் பகல் 12-க்குள் சொல்லுங்கள், அன்று மாலை 7 மணி போன் காலில் கிளையண்டிடம் பேசுகிறேன்."

"முடியாதென்றால் சொல்லுங்கள்"னு நேரம் போட்டுக் கேட்டாத்தான் பதில் வரும். "ஏதாவது டவுட் இருந்தா கேளுங்க"ன்னா தம்ஸ்-அப்தான். அப்புறம், குரூப்ல போடுறதுக்கு முன்னாடி டெஸ்டிங் லீடுக்கு ஒரு போன். அவங்களும் மத்தவங்களோட சேர்ந்து அதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது.

மென்மைவாதி:
இதுல ஒரு சாரிகூட இல்லையே சார்? கலெக்டர் ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு. முதல் மூணு வரி மன்னிப்பு, டீமோட உழைப்புக்கு நன்றி, அப்புறம் காரணம், கடைசியா தேதி. மனசு தயாரானப்புறம் சொன்னா அடி குறையும். நன்றியில பேர் போட்டு எழுதணும், பெரியவங்க பேர் முதல்ல வரணும், ராத்திரி 8-க்கு மேல அனுப்பக் கூடாது...

பழைய பிஎம்:
8 மணி விஷயம் சரி. ஆனா பூட்டின போன்ல முதல் ரெண்டு வரிதான் தெரியும். அங்க மன்னிப்பு மட்டும் இருந்தா, வேலையை விட்டு ஆளை எடுத்துட்டாங்களோன்னு பதறுவாங்க. "திட்டம் போட்டவங்களுக்குச் சிரமம், மன்னிக்கணும்"னு ஒரு வரி, தேதிக்கு அப்புறம் போதும்.

சைட் மேஸ்திரி:
எங்க புராஜெக்ட்ல ரிலீஸெல்லாம் இல்லங்க, ஸ்லாப் கான்கிரீட். நாளைக்கு இல்லன்னு குரூப்ல டைப் பண்ணா கம்பி கட்டுறவங்க படிக்கவே மாட்டாங்க. "அண்ணே, நாளைக்கு வேணாம், வியாழன் காலைல 6-க்கு"ன்னு வாய்ஸ் நோட்தான். ரெடிமிக்ஸ் பிளாண்டுக்கு மட்டும் போன் போட்டு, அவங்க வாயால புது தேதியைத் திருப்பிச் சொல்ல வைக்கணும். இல்லன்னா வண்டி வந்து கேட்ல நிக்கும்.

பில்டுராஜா:
திருப்பிச் சொல்ல வைக்கிறது எங்களுக்கும் ஆகும். 19-லேர்ந்து 21 வரை லீவு சாங்ஷன் ஆனவர் ஒருத்தர் இருக்கார். அவரைப் பத்தி குரூப்ல எழுதலாமா?

பழைய பிஎம்:
பேர் வேணாம். "சாங்ஷன் ஆன லீவு அப்படியே இருக்கு"ன்னு ஒரு வரி.

மென்மைவாதி:
அப்போ அவர் வேலையை யார் பார்க்கிறது?