ஷீஹன் நோய்க்குத் தமிழ்ப்பெயர்: கபச்சுரப்பியா, தலைமைச்சுரப்பியா?

கலைவாணி எழுதியது:
வணக்கம். பேறுகாலத்தில் இரத்தம் மிகுதியாகப் போன தாய்மாருக்கு, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் ஒரு பக்கத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஷீஹன் நோய்க்குப் பெயர் வேண்டும். அந்த இரத்தப்போக்கால் மூளையடியில் இருக்கும் கபச்சுரப்பி, அதாவது பிட்யூட்டரி, செயலிழந்து, பால் சுரக்காமை, சோர்வு, குளிர் தாங்காமை என்று வரும் நோய் அது. இப்போதைக்கு 'பேறுகாலக் கபச்சுரப்பிச் செயலிழப்பு' என்று போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரிய வேண்டும்.

மாணிக்கனார் எழுதியது:
கபச்சுரப்பி வேண்டா. அச்சுரப்பியிலிருந்து சளி மூக்குக்கு இறங்குகிறது என்று பண்டை ஐரோப்பியர் எண்ணி, இலத்தீனில் சளியை வைத்துப் பெயரிட்டனர். அவர்கள் பிழையை நாம் வடசொல்லில் சுமக்கிறோம். ஈனுதலிலிருந்து ஈற்று, 'ஈற்றுக்குருதித் தலைமைச்சுரப்பி நலிவு' என்க.

சிவநேசன் எழுதியது:
ஐயா, ஈறு என்றால் முடிவு. ஈற்றெழுத்து, ஈற்றயல் என்று படிச்ச ஆக்கள் இதைக் 'கடைசி இரத்தம்' என்றுதான் வாசிப்பினம். எங்கட ஊரில ஈனுறது மாடு. கபச்சுரப்பி எங்கட பாடப்புத்தகத்தில இருக்கிற சொல், அதை ஏன் கலைக்கிறியள்?

மீனா எழுதியது:
பால் குறைவுக்கு நோய்ப்பெயர் வைத்துப் பயமுறுத்த வேண்டுமா? பூண்டும் சுறாப்புட்டும் கொடுத்தால் ஊறிவிடும். பெயர் வைத்தே ஆக வேண்டுமென்றால் 'பாலறு நோய்' என்று சின்னதாக வையுங்கள்.

மருத்துவர் நளினி எழுதியது:
மீனா, இது பால் குறைவு அல்ல. கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பருக்கிறது. பால் சுரக்கச் செய்யும் செல்கள் பெருகுவதே முக்கியக் காரணம். ஆனால் அதன் முன்மடலுக்கு இரத்தம் பெரும்பாலும் அழுத்தம் குறைந்த சிறு நாளங்கள் வழியாகத்தான் வருகிறது. லிட்டர் கணக்கில் இரத்தம் போய் அழுத்தம் சரிந்தால் முன்மடல் பட்டுப்போகிறது. கிளாஸ்கோவில் நோயியல் வல்லுநர் ஷீஹன் 1937-இல் விவரித்தது இதைத்தான். பட்டுப்போன செல் உணவால் திரும்பாது. ஓரளவே சேதமான சிலருக்குப் பால் சுரக்கவும் செய்யும். ஆகவே பெயரில் பால் வேண்டாம்.

செல்வம் எழுதியது:
சோர்வு, குளிர் தாங்காமை எல்லாம் தைராய்டு குறைவுதானே? தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் அளவை இரத்தத்தில் பார்த்து மாத்திரை கொடுத்துவிடலாம். 'பேறுகாலத் தைராய்டு' என்றால் எல்லாருக்கும் புரியும்.

மருத்துவர் நளினி எழுதியது:
தைராய்டு குறைவு உண்மைதான், ஆபத்தும் அங்கேதான். வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். ஒன்றரை லிட்டர் போய் இரத்தம் ஏற்றிய பெண். ஒரு வாரம் ஆகியும் மார்பு கனக்கவில்லை, பால் துளியும் இல்லை. மாதவிலக்கு திரும்பவில்லை. பேற்றுக்காக மழித்த முடி மறுபடி முளைக்கவில்லை. இதை யாரும் கேட்பதுமில்லை. சில ஆண்டு கழித்துச் சோர்வுக்காக டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். இயல்பு என்று வருகிறது, ஏனென்றால் அதை உயர்த்த வேண்டிய சுரப்பியே செத்துக் கிடக்கிறது. தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்த்தால்தான் குறைவு தெரியும்.

அதைக் கண்டவுடன் தைராய்டு மாத்திரையான தைராக்சின் மட்டும் கொடுத்தால் இன்னொரு பள்ளம். நெருக்கடியில் உடலைத் தாங்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் பிட்யூட்டரி தூண்டாததால் குறைந்திருக்கும். எஞ்சியிருக்கும் அந்தக் கொஞ்சமும் வேகமாகக் கரையும்; வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம். எனவே காலைக் கார்ட்டிசாலைப் பார்த்து, குறைவென்றால் முதலில் அதை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், காலையில் பெரும்பங்கு. சில நாள் கழித்தே தைராக்சின். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரட்டிப்பு. வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் உடனே 100 மில்லிகிராம் ஊசி. 'பேறுகாலத் தைராய்டு' என்று பெயர் வைத்தால் வரிசை தலைகீழாகிவிடும், செல்வம்.

மாணிக்கனார் எழுதியது:
அப்படியானால் தலைமைச்சுரப்பி என்பதே பொருந்தும். தலைமை போனதால் பிற சுரப்பிகள் சோர்ந்தன. ஷீஹன் என்று எழுதுவீராயின் சீகன் என்று எழுதுக.

சிவநேசன் எழுதியது:
தலைமைக்கும் மேல, அதை ஏவுற மூளைப்பகுதி ஹைப்போதலாமஸ் நிக்குது, அதுக்கு என்ன பேர் வைப்பியள்? சீகன் என்றால் தரங்கம்பாடி சீகன்பால்கு ஐயருக்கு வந்த வருத்தம் என்று நினைக்கப் போயினம்.

கலைவாணி எழுதியது:
நேரமில்லை. தலைப்பு 'ஷீஹன் நோய்'. கீழே சிறிய எழுத்தில் 'பேறுகால இரத்தப்போக்கால் பிட்யூட்டரி செயலிழப்பு'. நான்கு பேர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். இலங்கைப் பதிப்பில் பிட்யூட்டரி இருக்கும் இடத்தில் கபச்சுரப்பி.

மாணிக்கனார் எழுதியது:
என் மறுப்பைப் பதிந்து வைக்க. ஷகரத்தில் தொடங்கும் தலைப்பைத் தாய்மார் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடன்று.

மருத்துவர் நளினி எழுதியது:
எந்தப் பெயரானாலும் தாளின் அடியில் இந்த வரி கட்டாயம்: 'டி.எஸ்.எச். மட்டும் போதாது, ஃப்ரீ டி4, காலைக் கார்ட்டிசால் இரண்டும் பார்க்கவும்.' அது மருத்துவருக்கானது, கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.

மீனா எழுதியது:
மழித்த முடி முளைக்கவில்லை என்பதையும் சேர்ப்பீர்களா? அதற்கு என்ன சொல் போடுவது?