ஒன்பது வருடம் ஏழு மாதம்: ஊர்க் கம்பெனி கணக்குப் போட்ட விதம்

உட்லண்ட்ஸ் ஃபிட்டர்:
கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் வந்தவன் நான். வேலையில் சேர்ந்தது 2013 ஜூன் 10, கடைசி வேலை நாள் 2023 ஜனவரி 13. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 31,200 ரூபாய். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, என்று வங்கிக் கணக்கில் விழுந்தது 1,40,400. விவரச்சீட்டு எதுவும் இல்லை. பேனாவை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். சம்பளத்தை முப்பதால் வகுத்துப் பதினைந்தால் பெருக்கி, ஒன்பது வருடத்துக்கு மட்டும் தந்திருந்தார்கள்.

கணக்குப் பிரிவில் கேட்டால், "முழு வருடத்துக்குத்தான் தம்பி கணக்கு" என்றார் அங்கிருந்தவர். அப்போதிருந்த பணிக்கொடைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதச் சம்பளக்காரனுக்கு வகுக்கும் எண் 26. ஞாயிறுகள் கழிந்த மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு வருடம். எனக்கு மிச்சம் ஏழு மாதம் சொச்சம், ஆகவே பத்து வருடம்.

31,200 ÷ 26 = 1,200
1,200 × 15 = 18,000
18,000 × 10 = 1,80,000

குறைந்தது 39,600. இந்தக் கணக்கைச் சட்டத்தின் 4(2) பிரிவோடு சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் இல்லை. தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதப்போகிறேன் என்று மறுபடி அனுப்பியதும் மீதிப் பணம் வந்துவிட்டது. அதுவரை அவர்களுக்குச் சட்டம் தெரியாதாம்!

செங்காங் அக்கா:
நான் ஆறு மாத எல்லையை முன்கூட்டியே பார்த்துக்கொண்டேன். சென்னையில் மென்பொருள் வேலை, சேர்ந்தது 2014 ஜூலை 3. இங்கே வேலை கிடைத்ததும் 2019 டிசம்பர் 29 அன்று விடுவிப்பதாகக் கடிதம் தந்தார்கள். ஐந்தரை வருடத்துக்குச் சில நாள் குறைவு. ஐந்தரை வருடம் சரியாக முடிந்தாலும் ஐந்துதான். ஒரு நாளாவது தாண்ட வேண்டும். ஜனவரி 6 வரை இருக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன், சிங்கப்பூர் முதலாளியும் ஒரு வாரம் பொறுத்தார். அடிப்படைச் சம்பளம் 52,000, ஆகவே வருடத்துக்கு 30,000. ஒரு வாரத்தில் அந்த முப்பதாயிரம் கூடுதலாகக் கிடைத்தது.

அறிவிப்புக் காலத்துக்குப் பணம் கட்டிவிட்டு ஓடிவருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பணிக்காலம் விடுவிப்பு நாளோடு நின்றுவிடும்.

பீஷான் தம்பி:
அப்படியானால் நாலு வருடம் ஏழு மாதம் வேலை பார்த்தவனுக்கும் ஐந்து வருடம்தானே? என் நண்பனுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
பாதி சரி, தம்பி. தொகையைக் கணக்கிடும்போதுதான் ஆறு மாத விதி. பணிக்கொடைக்குத் தகுதி பெற நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர்ச்சியான பணி வேண்டும் என்பது வேறு வாசல். மரணமோ ஊனமோ நேர்ந்தால் அந்த ஐந்து வருடம் தேவையில்லை. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களில் 190 நாள் போதும். நண்பர் வேலை செய்த நாள்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி தானாகத் தரும் என்று நம்பவேண்டாம், பலவும் மறுக்கின்றன.

ஃபிட்டர் தம்பிக்கு ஒன்று: தாமதத்துக்கு வட்டியும் கேட்டிருக்கலாம். பணம் கொடுக்க முதலாளிக்கு உள்ள கெடு முப்பது நாள்.

ஜூரோங் வெல்டர்:
அண்ணன்மார்களே, நான் இங்கேயே ஒரே கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன். ஒர்க் பர்மிட். எனக்கும் பதினைந்து நாள் கணக்கில் வருமா?

ஓய்வுபெற்ற கணக்காளர்:
வராது. அது இந்தியச் சட்டம். சிங்கப்பூரில் பணிக்கொடை கட்டாயம் என்று சட்டம் இல்லை. குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்களுக்கு மத்திய சேமநிதி உண்டு, ஒர்க் பர்மிட்காரருக்கு அதுவும் கிடையாது. உங்கள் வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ எழுதியிருந்தால் கேட்கலாம். வேலைக்கு எடுத்தபோது தந்த கடிதத்தைத் தேடிப் படியுங்கள்.

ஜூரோங் வெல்டர்:
கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் ஓவர்டைமும் மட்டும்தான் இருக்கின்றன.

சாங்கி பொறியாளர்:
என் விஷயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சென்னைக் கம்பெனி நாலு வருடம் கழித்து என்னை இங்குள்ள தன் கிளை நிறுவனத்துக்கு மாற்றியது. மூன்று வருடமாகச் சம்பளம் சிங்கப்பூர் நிறுவனக் கணக்கில். சென்னையில் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. இந்த மூன்று வருடம் சேருமா? சேர்ந்தால் கடைசிச் சம்பளம் எது, வெள்ளியா ரூபாயா?

செங்காங் அக்கா:
மாற்றல் கடிதத்தில் பணித்தொடர்ச்சி என்று எழுதியிருக்கிறதா?

சாங்கி பொறியாளர்:
"அயல்பணி" என்று மட்டும் இருக்கிறது, அக்கா. மனிதவளப் பிரிவில் இருவரைக் கேட்டேன், இருவரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
ராஜினாமா செய்வதற்கு முன் எழுத்தில் ஒரு பதில் வாங்குங்கள். சம்பளம் தந்தது யார், வேலை வாங்கியது யார் என்று பார்த்துத்தான் இந்த வழக்குகள் நகரும். கடிதத்தைப் பார்க்காமல் என்னால் சேரும் என்றும் சொல்ல முடியாது, சேராது என்றும் சொல்ல முடியாது.