மார்ச் 31 பில், ஏப்ரல் 2 இ-வே பில்: ஆடிட்டர் கேள்விக்கு எவ்வளவு எழுதணும்?

பம்ப்செட்_கணக்கு
வணக்கம். கோவையில் ஒரு சின்ன பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பிரைவேட் லிமிடெட், வருடாந்திர ஆடிட் நடக்குது. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து எழுத்தில் வந்த 7-வது கேள்வி இது: "பில் எண் 1187, தேதி மார்ச் 31, வரி நீங்கலாக ₹5,80,000. இ-வே பில் ஏப்ரல் 2 தேதியில் உள்ளது. இந்த ஆண்டு விற்பனையில் சேர்த்ததற்கு ஆதாரத்துடன் விளக்கம் தரவும்."

20 சப்மெர்சிபிள் பம்ப். கஸ்டமர் கேட்டுத்தான் ரெண்டு நாள் நிறுத்தி வெச்சோம். நான் எழுதின பதில் ஒன்றரைப் பக்கம் வந்துடுச்சு. கஸ்டமரோட பழைய தொடர்பு, லாரி கிடைக்காத கதை, டெஸ்பாட்ச் பையன் லீவு, "மார்ச் கடைசியில் இப்படி நடப்பது வழக்கம்தான்" எல்லாம் இருக்கு. கூடவே கஸ்டமர் லெட்ஜர் முழுசா, 46 பக்கம். எம்.டி. "இன்னும் விவரமா எழுது"ங்கிறார். எனக்கு உறுத்துது. என்ன பண்ணலாம்?

செல்வம்_ஜிஎஸ்டி
விளக்கமே வேண்டாங்க. இ-வே பில் தேதிதான் விற்பனை தேதி. ஏப்ரலுக்கு மாத்தி என்ட்ரி போட்டுட்டு "சரி செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதி முடிங்க.

வசந்தி_முன்னாள்_ஆடிட்
செல்வம் சொல்றது பாதி சரி. கஸ்டமர் நிறுத்தி வைக்கச் சொல்லாம சரக்கு உங்க கேட்டுக்குள்ளேயே இருந்திருந்தா, அது ஏப்ரல் விற்பனைதான். ஆனா இ-வே பில் காட்டுறது வண்டி நகர்ந்த தேதியை மட்டும்தான். வாங்குறவரே டெலிவரியைத் தள்ளிப்போடச் சொல்லி, பில்லையும் உரிமையையும் ஏத்துக்கிட்டா, விற்பனையை அப்பவே காட்டலாம்னு ஏ.எஸ். 9-ங்கிற கணக்கியல் தரநிலை சொல்லுது. அதுக்கு நிபந்தனை உண்டு. சரக்கு கையில் இருக்கணும், இவருக்குன்னு பிரிச்சு வெச்சிருக்கணும், அனுப்பத் தயாரா இருக்கணும், டெலிவரி நடக்கும்னு உறுதியும் இருக்கணும்.

அதனால தம்பி, ஆடிட்டர் கேட்கிறது லாரி ஏன் வரலைன்னு இல்ல. மார்ச் 31 இரவு அந்த 20 பம்ப் யாரோடதுன்னு கேட்கிறார். அதைத் தொடாத வாக்கியத்தை எல்லாம் அடிச்சிடுங்க. முக்கியமா அந்த "வழக்கம்தான்". நான் கேள்வி அனுப்புற பக்கம் உட்கார்ந்திருந்தப்ப இப்படி ஒரு வரி வந்தா, உடனே மார்ச் கடைசி வாரத்து பில் அத்தனையும் கேட்போம். லாரி கதை அதைவிட மோசம். கஸ்டமர் கேட்டு நிறுத்தினதா, வண்டி இல்லாம நின்னதா? ரெண்டையும் எழுதினா உங்க முதல் காரணமே ஆட்டம் காணும்.

இப்ப கையில என்னென்ன பேப்பர் இருக்கு, சொல்லுங்க.

சங்கச்செயலாளர்
எங்க கூட்டுறவு சங்கத்தில் பழைய ஆடிட் குறை ஒன்னு வருஷக்கணக்கா முடியாம நிக்குது. நாங்க முழு ஃபைலையும் கட்டிக் கொடுத்துடுவோம், அவங்களே தேடிக்கட்டும்னு. அது தப்பா?

வசந்தி_முன்னாள்_ஆடிட்
உங்களோடது ரிப்போர்ட்டில் ஏறிட்ட குறை, அதை நீக்க வேற வழிமுறை இருக்கு. அதைத் தனியா கேளுங்க. ஆனா ஃபைலைக் கட்டிக் கொடுத்தா தேட மாட்டாங்க. "ஆதாரம் தரப்படவில்லை"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.

பம்ப்செட்_கணக்கு
அக்கா, இருக்கிறது இவ்வளவு. பர்ச்சேஸ் ஆர்டர். மார்ச் 28-ல் கஸ்டமரோட பர்ச்சேஸ் மேனேஜர் அனுப்பின மெயில்: "எங்கள் ஸ்டோர் இருப்பு எடுப்புக்காக மூடியிருக்கும், பில் மார்ச்சில் போடவும், சரக்கை ஏப்ரல் 2 அனுப்பவும்." மார்ச் 29-ல் அவங்க ஆள் வந்து சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், 20 சீரியல் நம்பரோட. கேட் ரிஜிஸ்டர், லாரி ரசீது.

ஒரு சிக்கல். மார்ச் 31 ஸ்டாக் ஷீட்டில் அந்த மாடலுக்கு 52-ன்னு எழுதி, அடிச்சு, 32-ன்னு போட்டிருக்கு. பக்கத்துல இனிஷியல் இல்லை. ஸ்டோர் கீப்பர் "இப்பவே போட்டுத் தரேன்"ங்கிறார்.

வசந்தி_முன்னாள்_ஆடிட்
போடவே கூடாது. இன்னைக்குப் போடுற இனிஷியல் மார்ச் 31-ல் போட்டதா நடிக்கும். ஷீட்டோட போட்டோ ஏற்கெனவே ஆடிட் ஆபீஸில் இருக்கலாம். அன்னைக்கு அவங்ககிட்ட பயிற்சியில் இருக்கிற ஆர்டிகிள் பையன் வந்திருந்தாரா? வந்திருந்தா அவரும் கொஞ்சம் எண்ணிப் பார்த்துக் குறிச்சிருப்பார்.

இந்த 32 தான் கேள்வியோட உயிர்நாடி. விற்பனையிலும் காட்டி, இருப்பிலும் 52 காட்டியிருந்தா ஒரே சரக்கு ரெண்டு இடத்துல வரும், லாபம் ஊதிப்போகும். அடித்தலை மறைக்காம, இருக்கிறபடி சொல்லி, வேற ஆதாரத்தால தாங்கிப் பிடிங்க. ஸ்டோர்ல ஒவ்வொரு பொருளோட வரவு, செலவு, மீதியை எழுதுற பின் கார்டு என்ன சொல்லுது? பேலன்ஸ் ஷீட்டுக்கு மதிப்பு போட்டது எத்தனைக்கு?

பம்ப்செட்_கணக்கு
ஆர்டிகிள் பையன் வந்திருந்தார், ஆனா எதை எண்ணினார்னு தெரியலை. பின் கார்டில் மார்ச் 31 தேதியில் "20 தனியாக வைக்கப்பட்டது, பில் 1187, மீதி 32". மதிப்பும் 32-க்குத்தான்.

வசந்தி_முன்னாள்_ஆடிட்
நல்லது. இப்படி எழுதுங்க:

> *கேள்வி 7, பில் 1187:* வாங்குபவரின் எழுத்துக் கோரிக்கைப்படி டெலிவரி ஏப்ரல் 2-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பில்லை மார்ச்சில் போடுமாறும் அதிலேயே கேட்டுள்ளார் (7-அ, மார்ச் 28 மெயில், 2-வது பத்தி). 20 பம்புகளும் மார்ச் 29 அன்று வாங்குபவரால் சோதித்து ஏற்கப்பட்டன (7-ஆ, சீரியல் எண் பட்டியல், பக்கம் 2). அதே சீரியல் எண்கள் ஏப்ரல் 2 அன்று அனுப்பப்பட்டன (7-இ, கேட் ரிஜிஸ்டர் மற்றும் லாரி ரசீது). இவை இறுதி இருப்பில் சேர்க்கப்படவில்லை, மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை 32 (7-ஈ, பின் கார்டு, 7-உ, மதிப்பீட்டுத் தாள், வரிசை 14). ஸ்டாக் ஷீட்டில் 52 என்பது 32 எனத் திருத்தப்பட்டுள்ளது. திருத்தத்தில் இனிஷியல் இல்லை (7-ஊ). இதனடிப்படையில் விற்பனை மார்ச்சில் காட்டப்பட்டுள்ளது.

இணைப்பு எண் கேள்வி எண்ணோடவே போகணும். ஒவ்வொரு பேப்பரிலும் சம்பந்தப்பட்ட வரியைப் பென்சில்ல கோடு போட்டு, ஓரத்துல 7-அ, 7-ஆன்னு எழுதுங்க. 46 பக்க லெட்ஜர் வேண்டாம், கேட்டா கொடுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால ஒரு பேப்பர் இருக்கான்னு பாருங்க. இல்லாததை எடுத்துடுங்க. கடைசி வாக்கியம் மட்டும் விலக்கு, அது உங்க நிலைப்பாடு.

இன்னொன்னு. நாலாவது வாக்கியத்தை எழுதும் முன் 7-ஆ பட்டியலையும் டெஸ்பாட்ச் சீரியலையும் ஒன்னொன்னா ஒத்துப் பாருங்க. நம்பர் மாறியிருந்தா "பிரிச்சு வெச்சோம்"ங்கிற வாதம் நிக்காது.

செல்வம்_ஜிஎஸ்டி
இனிஷியல் இல்லைன்னு நாமே எதுக்குச் சொல்லணும்? சுருக்கமா எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க.

வசந்தி_முன்னாள்_ஆடிட்
லாரி கதையை விட்டா கேள்விக்கான பதில் மாறாது. இதை விட்டா மாறும். வெட்ட வேண்டியது எது, வெட்டக்கூடாதது எதுன்னு நான் பார்க்கிறது அப்படித்தான். அவங்களா கண்டுபிடிச்சா மத்த இணைப்பு மேலயும் சந்தேகம் விழும்.

பம்ப்செட்_கணக்கு
சீரியல் 20-ம் ஒத்துப்போச்சு. எம்.டி. முகம் சுளிச்சாலும் கையெழுத்துப் போட்டார். அனுப்பியாச்சு. இன்னைக்கு ஒரே ஒரு துணைக்கேள்வி: "அந்த இரு நாட்களும் சரக்கின் காப்பீடு யார் பொறுப்பு?" பர்ச்சேஸ் ஆர்டரில் அதைப் பத்தி ஒன்னும் இல்லை.

வசந்தி_முன்னாள்_ஆடிட்
சரியான இடத்துல கேட்டிருக்கார். சரக்குக்கு நஷ்டம் வந்திருந்தா யார் தலையில விழும்ங்கிறதுதான் அதோட அர்த்தம். உங்க ஃபயர் பாலிசியில் "பிறருக்காக வைத்திருக்கும் சரக்கு" சேர்ந்திருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தப் பக்கத்தை 7-எ-ன்னு இணைச்சிடுங்க. இல்லைன்னா "பர்ச்சேஸ் ஆர்டரில் இதற்கான ஷரத்து இல்லை"ன்னு மட்டும் எழுதுங்க. அதுக்கப்புறம் அவர் ஏப்ரலுக்கு மாத்தச் சொன்னாலும் சொல்லலாம். அப்படிச் சொன்னா விற்பனையை மட்டும் எடுத்துட்டு நிக்காதீங்க, 20 பம்போட அடக்க விலையை இருப்பில் திரும்ப ஏத்தணும்.