அம்மம்மாவின்ர நினைவுமலரில எந்த நேரம் போடுறது?

குழு: கள்ளப்பாட்டு வீடு

தர்சினி: எல்லாருக்கும் வணக்கம். அம்மம்மாவின்ர நினைவுமலர் நாளைக்கு அச்சகத்துக்குக் குடுக்கோணும். ரெண்டாம் பக்கத்தில சுனாமி வந்த நாளைப் பற்றி "காலை ____ மணிக்கு நிலம் அதிர்ந்தபோது" எண்டு ஒரு வரி இருக்கு. நேரம் சொல்லுங்கோ

ராசன் மாமா: ஆறரை தாண்டி

ராசன் மாமா: அம்மா தான் முதல்ல கண்டவ. தூக்குவிளக்கு ஆடுது, ஆர் தட்டினது எண்டு கேட்டவ

நிறோஜன்: நான் அமெரிக்காக்காரர் நிலநடுக்க அறிக்கை போடுற யூஎஸ்ஜிஎஸ் பக்கத்தில பாத்தன். இப்பிடிக் கிடக்கு

`2004-12-26 00:58:53 (UTC)`

நிறோஜன்: நடுச்சாமம் ஒரு மணியா??

பவளம் மாமி: ஓம் ராத்திரி தான். கடல் வருது எண்டு சனம் கத்த நான் ரெண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு றோட்டால ஓடினனான். செருப்பும் இல்லை

ராசன் மாமா: பவளம் அது வேற நாள்

பவளம் மாமி: எனக்குத் தெரியாதோ நான் ஓடின நாள்

சுதா அன்ரி: இஞ்ச ரொறன்ரோவில எங்களுக்கு 25ஆம் திகதி இரவு எட்டு மணிக்குக் கிட்ட. நத்தார் சாப்பாடு மேசையில. அப்ப நிலம் ஆடினது 25 எண்டும் கடல் வந்தது 26 எண்டும் போடலாமோ

தர்சினி: அன்ரி ஐயோ

குமார் சித்தப்பா: ஏன் இவ்வளவு கஷ்டப்படுறியள், யூடிசி எண்டால் எங்கட லண்டன் நேரம். அதோட அஞ்சரை மணித்தியாலம் கூட்டு. 6.28. எழுது பிள்ளை

தர்சினி: 👍

குமார் சித்தப்பா: பொறு பொறு. நான் வெட்டி வச்ச கொழும்புப் பேப்பர் ஒண்டில 6.58 எண்டு கிடக்கு

நிறோஜன்: அரை மணித்தியாலம் எங்க போனது

கோபி அண்ணா: ரெண்டும் சரி. மாமா உங்களுக்கு இது நல்லாத் தெரியும், பிள்ளையளுக்குத் தான் தெரியாது. 1996 வைகாசியில கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, அந்த ஐப்பசியில அரை மணித்தியாலத்தைத் திருப்பி விட்டது, மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரை வரைக்கும் அப்பிடியே கிடந்தது. வன்னிக்குள்ள அந்த மாத்தத்தை எடுக்கேல்ல, பழைய நேரத்திலயே இருந்தது. ஆனபடியா 2004 மார்கழியில வவுனியாவில இருந்த எனக்கு யூடிசியோட ஆறு மணித்தியாலம் கூட்டோணும், முல்லைத்தீவில இருந்த உங்களுக்கு அஞ்சரை. ஒரே நிலநடுக்கம், எனக்கு 6.58, உங்களுக்கு 6.28

ராசன் மாமா: ஓமந்தை தாண்டினா மணிக்கூட்டைத் திருப்புறது

ராசன் மாமா: உங்கட அப்பா ஒருக்கால் திருப்ப மறந்து பஸ்ஸை விட்டவர்

குமார் சித்தப்பா: அந்தக் கதை இப்ப தேவையில்லை அண்ணை

நிறோஜன்: என்ர லப்டொப்பிலயும் அப்பிடித்தான் வருது

```
TZ=Asia/Colombo date -d '2004-12-26 00:58:53 UTC'
Sun Dec 26 06:58:53 +06 2004
TZ=Asia/Kolkata date -d '2004-12-26 00:58:53 UTC'
Sun Dec 26 06:28:53 IST 2004
```

நிறோஜன்: கொழும்பு எண்டு குடுத்தா அந்த வருசம் +06 எண்டு அதுவே எடுக்குது

கோபி அண்ணா: கெட்டிக்காரன். அதுக்கு கொழும்பு நேரம் எந்த வருசம் எப்பிடி மாறினது எண்ட பட்டியல் தெரியும். ஆனா அதில வன்னிக்கு எண்டு ஒரு பெயர் இல்லை. இந்திய நேரம் எப்பவும் அஞ்சரை தான், அதால கொல்கத்தா எண்டு குடுத்தா அந்த வருசங்களுக்கு வன்னி நேரம் வரும். சும்மா இண்டைக்கு இருக்கிற அஞ்சரையைக் கூட்டினாலும் 6.28 வந்திருக்கும், ஆனா அது கொழும்புப் பேப்பருக்கு ஒத்து வராது, அப்ப ஆரோ பொய் எழுதியிருக்கினம் எண்டு சண்டை வரும்

பவளம் மாமி: எனக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல

கோபி அண்ணா: மாமி நீங்கள் ஓடினது 2005 பங்குனி 28. சுமாத்திராப் பக்கம் நியாஸ் தீவுக்குக் கிட்ட 8.6 அளவில இன்னொரு நிலநடுக்கம். அறிக்கையில 16:09 யூடிசி. வன்னி நேரம் இரவு 9.39, வவுனியாவில 10.09. நீங்கள் பிள்ளையளைப் படுக்க வச்சிட்டு இருந்திருப்பியள்

பவளம் மாமி: ஓம் சின்னவன் நித்திரை. அவனைத் தூக்கினபடி தான். அப்ப நான் சொன்னது சரி தானே

ராசன் மாமா: நாள் தான் வேற

குமார் சித்தப்பா: அண்டைக்கு எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி, வேலையால வந்து ரீவியில பாத்தனான்

கோபி அண்ணா: சித்தப்பா அண்டைக்கு உங்களுக்கு 5.09. முதல்நாள் ஞாயிறு தான் லண்டனில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சது. மார்கழியில லண்டன் நேரமும் யூடிசியும் ஒண்டு, வெயில் காலத்தில இல்லை. யூடிசி எந்தக் காலத்திலயும் அசையாது, அதுக்காகத் தான் உலகம் முழுக்க அதில எழுதுகினம்

குமார் சித்தப்பா: அண்டைக்கு ஈஸ்டர் திங்கள், லீவு. வேலையால வந்தது எண்டது வேற நாளா இருக்கும்

சுதா அன்ரி: லீவு நாளில கூட அண்ணன் வேலைக்குப் போவார் அம்மாவுக்கு ஒரு கோல் எடுக்க மாட்டார்

_இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

தர்சினி: ப்ளீஸ். நேரம் 6.28 தானே, நான் போடட்டோ

கோபி அண்ணா: போடாதை. வரி என்ன சொல்லுது, "நிலம் அதிர்ந்தபோது". 6.28 சுமாத்திராக் கரைக்குப் பக்கத்தில கடலுக்கு அடியில பாறை உடையத் தொடங்கின நேரம், கள்ளப்பாட்டில விளக்கு ஆடின நேரம் இல்லை. அங்க இருந்து முல்லைத்தீவுக்குக் கிட்டத்தட்ட 1800 கிலோமீற்றர். முதல் அலை நிலத்துக்குள்ளால வர நாலு நிமிசம் மட்டில எடுக்கும், அது எங்கட தூரத்தில சின்னன், ஆரும் கவனிக்காத அளவு. அடுத்தது ஏழு நிமிசம் மட்டில வரும். அதுக்குப் பிறகு நிலத்தின்ர மேற்பரப்பால வாற மெல்லிய நீளமான ஆட்டம், தொங்கிற சாமானும் கிணத்துத் தண்ணியும் அதுக்குத் தான் ஆடும். அப்ப வன்னி நேரத்துக்கு 6.35க்குப் பிறகு தான் அம்மம்மா கண்டிருப்பா

ராசன் மாமா: கிணத்தில தண்ணி தளும்பினது. வாளி இடிச்ச சத்தம் கேட்டது

ராசன் மாமா: நான் சொன்னது ஆறரை தாண்டி

கோபி அண்ணா: ஓம் மாமா, உங்கட கணக்கு அறிக்கையோட பொருந்துது. இன்னொண்டு கேக்கிறன், அப்ப வெயில் எவ்வளவு ஏறியிருந்தது?

ராசன் மாமா: கடலுக்கு மேல கொஞ்சம். முத்தத்தில மரத்தின்ர நிழல் வீட்டைத் தாண்டி நீளமாக் கிடந்தது

கோபி அண்ணா: அது காணும். மார்கழி 26 முல்லைத்தீவில சூரியன் பழைய நேரத்துக்கு 6.20 மட்டில கிளம்பும், இந்த வருசம் போய் நிண்டு பாத்தாலும் அதே தான் ஏனெண்டா இப்பவும் அஞ்சரையில தான் இருக்கிறம். 6.35க்கு எண்டால் வெயில் வந்து கால் மணித்தியாலம், நிழல் நீளம். 6.58ஐ வன்னி மணிக்கூட்டு நேரம் எண்டு எடுத்து அதோட ஏழு எட்டு நிமிசம் கூட்டினா ஏழு மணி தாண்டிப் போகும், அப்ப வெயில் ஏறி முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும், நீங்கள் சொல்லுற மாதிரி இருக்காது. மணிக்கூடு எப்பிடி வச்சாலும் சூரியன் வச்ச நேரம் தான்

நிறோஜன்: செம

நிறோஜன்: அப்ப 6.36 எண்டு போடலாமோ

கோபி அண்ணா: நிமிசம் போடக் கூடாது. இது ஒரு இடத்தில டக்கெண்டு உடைஞ்சு முடிஞ்ச நிலநடுக்கம் இல்லை. சுமாத்திராவில தொடங்கி அந்தமான் பக்கமா வடக்கால ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல கிழிஞ்சு போனது, அதுக்கே எட்டுப் பத்து நிமிசம். அறிக்கையில இருக்கிற 00:58:53 முதல் நொடி மட்டும். அப்ப ஆட்டம் 6.35இல இருந்து 6.45 வரைக்கும் விட்டு விட்டு இருந்திருக்கலாம், அம்மம்மா அதில எந்த நிமிசம் விளக்கைப் பாத்தவ எண்டு ஒரு கருவிக்கும் தெரியாது

சுதா அன்ரி: அதைத்தான் நானும் கேட்டனான் 25ஆ 26ஆ

தர்சினி: 26 அன்ரி. உங்களுக்கு யூடிசியில இருந்து அஞ்சு மணித்தியாலம் கழிக்கோணும், கழிச்சா திகதி ஒண்டு பின்னுக்குப் போகுது. இஞ்ச 26

சுதா அன்ரி: சரி சரி. இஞ்ச கோயிலில 25 எண்டு பதிஞ்சு வருசா வருசம் அர்ச்சனை செய்யிறன், அதை என்ன செய்ய

ராசன் மாமா: திவசம் திதிக்குத் தான் பிள்ளை. திகதிக்கு இல்லை

பவளம் மாமி: திதி ஐயரைக் கேளுங்கோ. போன முறையும் நான் சொன்ன ஐயரைக் கூப்பிடேல்ல

தர்சினி: மாமி அது பிறகு. வரி இப்பிடி எழுதட்டோ: "வன்னி நேரப்படி காலை 6.35 மணியளவில் நிலம் அதிர்ந்தபோது"

கோபி அண்ணா: அது தான் சரி. "அளவில்" கட்டாயம் இருக்கோணும்

குமார் சித்தப்பா: எனக்குச் சம்மதமில்லை. நாளைக்கு ஆரும் நெற்றில தட்டினா 6.58 எண்டு வரும், எங்கட வீட்டு ஆக்கள் நேரம் தெரியாதவை எண்டு நினைப்பினம். 6.58 எண்டே போடு

ராசன் மாமா: அம்மா 6.58இல சீவிக்கேல்ல குமார். எங்கட சுவரில கிடந்த மணிக்கூடு பழைய நேரம்

ராசன் மாமா: நீ அப்ப இஞ்ச இல்லை

குமார் சித்தப்பா: அதைச் சொல்லாமல் உங்களுக்கு ஒரு கதையும் முடியாது

பவளம் மாமி: வன்னி நேரம் எண்டு அச்சில வேண்டாம் பிள்ளை. ஆரும் வந்து என்ன ஏது எண்டு கேப்பாங்கள். காலமை எண்டு மட்டும் போடு

கோபி அண்ணா: மாமி பழைய நேரம் எண்டு போடலாம். ஒண்டுமே போடாட்டித் தான் நாளைக்குப் பேரப்பிள்ளையள் இதே சண்டை பிடிக்கும்

நிறோஜன்: யூடிசியும் சேத்துப் போட்டா? 01:05 எண்டு. எவன் வேணுமெண்டாலும் தன்ர ஊருக்கு மாத்தட்டும்

பவளம் மாமி: சாவீட்டுப் புத்தகத்தில இங்கிலீசு ஏன்

தர்சினி: மாமா, அலை வந்த நேரமும் ஒரு வரி இருக்கு. அது எங்க பாக்கிறது

கோபி அண்ணா: அது நிலநடுக்க அறிக்கையில வராது. நிலத்தின்ர ஆட்டம் நிமிசக் கணக்கு, கடல் ரெண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. ஊருக்கு ஊர் வேற. நாங்கள் அங்க நிண்ட ஆக்களைத் தான் கேக்கோணும், கேக்கேக்க எந்த மணிக்கூடு எண்டு சேத்துக் கேக்கோணும். முகாமில வெளியூர் நிறுவனக்காரர் எழுதிக்கொண்டு போன குறிப்பெல்லாம் புது நேரமா பழைய நேரமா எண்டு ஒருத்தரும் போடேல்ல

ராசன் மாமா: எட்டரை எண்டு நான் நினைக்கிறன். சேச்சுக்குப் போன ஆக்கள் திரும்பேல்ல. செல்வத்தைக் கேட்டுச் சொல்லுறன், அவன் அப்ப வள்ளத்தடியில

தர்சினி: இரவுக்குள்ள கேளுங்கோ மாமா. அச்சகக்காரன் காலமை பத்து மணிக்கு வரச் சொன்னவன்

சுதா அன்ரி: பத்து மணி எண்டால் எங்களுக்கு எத்தினை

நிறோஜன்: இப்ப மார்கழி, பத்தரை மணித்தியாலம் கழியுங்கோ. இரவு 11.30, முதல்நாள்

குமார் சித்தப்பா: நான் 6.58 எண்டதில தான் நிக்கிறன். அடைப்புக்குள்ளயாவது போடு

தர்சினி: ரெண்டையும் போட்டு ஒரு பக்கம் அனுப்புறன், பாத்துச் சொல்லுங்கோ. அம்மம்மாவின்ர பச்சைச் சீலைப் படம் ஆரட்ட இருக்கு? என்னட்ட இருக்கிறது மங்கலா இருக்கு

பவளம் மாமி: சுதாவட்ட. கொண்டு போனவ திருப்பித் தரேல்ல

சுதா அன்ரி: ஸ்கான் பண்ணி அனுப்புறன். பேரப்பிள்ளையள் பட்டியலில என்ர கடைக்குட்டியின்ர பெயர் விடுபட்டிருக்கு, அதையும் பார் தர்சினி

ராசன் மாமா: செல்வம் போன் எடுக்கிறானில்லை. விடியத் தான் கேக்கோணும்