புதுப்பிப்பு: கோ ஆட்டத்தில் வெற்று முக்கோணம்

என் முந்தைய கேள்வி: "மூலைவிட்டமாக நிற்கும் என் இரண்டு கற்களை வெட்டிவிடுவாரோ என்று உடனே இணைக்கிறேன். பிறகு ஏன் எப்போதும் ஒரு அடி பின்தங்குகிறேன்?"

ஆட்டத்தை மறுபடி அடுக்கிப் பார்த்தேன். என் கறுப்புக் கற்கள் D10, E11. பயந்துபோய் E10-இல் வைத்தேன். D11 காலியாக நின்றது. அதுதான் வெற்று முக்கோணம். சுற்றிலும் எதுவும் இல்லாதபோது நேர்வரிசையில் மூன்று கற்களுக்கு எட்டு மூச்சு, அதாவது ஒட்டியுள்ள எட்டு காலி இடங்கள், உண்டு; இதற்கு ஏழுதான். ஆனால் என்னை அதிகம் உறுத்தியது வேறு: அந்தக் கல்லே தேவையில்லை. வெள்ளை D11-க்கு வந்தால் நான் E10, அவர் E10 என்றால் நான் D11; எப்படியும் இணைந்துவிடலாம்.

"ட வடிவில் மூன்று கற்களா, தவறுதான்" என்று என் கேள்விக்குப் பதில் எழுதினார் ஒருவர். பாதிதான் சரி. D11-இல் வெள்ளை வந்துவிட்ட பிறகு E10 வைப்பது வெற்று முக்கோணம் ஆகாது, சாதாரண இணைப்பு.

நீண்ட நாள் ஆடும் ஒருவரின் எச்சரிக்கைதான் பயன்பட்டது: வெள்ளை D11-இல் வைக்கும்போதே பக்கத்திலுள்ள என் வேறொரு கல் அடாரியில், அதாவது ஒரே ஒரு மூச்சு மிஞ்சும் நிலையில், விழுமானால், இரண்டையும் காக்க முடியாது. அப்போது முன்கூட்டி இணைப்பதே சரி. ஒட்டிய இரண்டு கற்களும் ஒரு இடம் விட்டு அவற்றுக்கு எதிரே இன்னும் இரண்டுமாக நிற்கும் மூங்கில் இணைப்பும் மூச்சு குறைந்தால் உடையும் என்றார்.

எத்தனை மூச்சு மிஞ்சும்போது பயப்பட வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.